மூன்று ஐட்டம், மூன்று ரேட், நடுவில் ரிஜெக்ட் கழிவு: அம்மாவின் வாரக் கூலி சரியா என்று எப்படிப் பார்ப்பது?

கொருக்குப்பேட்டை மகன்

வணக்கம். அம்மா கொருக்குப்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் டைலராக இருக்கிறார். பதினைந்து மெஷின் இருக்கும். பீஸ் ரேட்தான், சனிக்கிழமை கூலி. நைட்டிக்கு 16 ரூபாய், உள்பாவாடைக்கு 7 ரூபாய், ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டைக்கு 32 ரூபாய். மூன்றுமே முழுப் பீஸ் அம்மாவே தைப்பது. காஜா பட்டன் மட்டும் வேறு ஆள்.

போன வாரம் அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்: நைட்டி 96, பாவாடை 120, சட்டை 42. நான் போட்ட கணக்கில் 3,720 ரூபாய் வருகிறது. கையில் வந்தது 3,064. ஒரு துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அதில் "258 பீஸ், 3672, ரிஜெக்ட் 19, கழிவு 608, கை 3064" என்று மட்டும் இருக்கிறது.

656 ரூபாய் குறைகிறது. கேட்டால் "ரிஜெக்ட் அதிகம்மா, அடுத்த வாரம் பார்த்துத் தை" என்கிறார்களாம். அம்மா சண்டை போடுகிற ஆள் இல்லை. கணக்கு சரியா தப்பா என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டுத் தையல்

தம்பி, நைட்டிக்கு 16 ரூபாய் ரொம்பக் குறைவு. நான் தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே தைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி கொடுத்தால் நைட்டிக்கு 120 வாங்குகிறேன். அம்மாவை வெளியே வந்து தனியாகத் தைக்கச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை மகன்

அக்கா, ரேட் குறைவு என்பது தெரியும். இப்போது கேட்பது, பேசின ரேட்டாவது சரியாகக் கைக்கு வருகிறதா என்பதைத்தான்.

பழைய செக்கர்

நான் வியாசர்பாடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் சேர்த்து இருபது வருடம் செக்கிங் டேபிளில் நின்றவன். கடைசி ஆறு வருடம் கூலிக் கணக்கும் நான்தான் எழுதினேன்.

முதலில் அந்த 656-ஐ இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் மொத்தம் 3,720, அவர்கள் மொத்தம் 3,672. இதில் 48 ரூபாய் வித்தியாசம், இதற்கும் ரிஜெக்டுக்கும் சம்பந்தம் இல்லை. மீதி 608தான் கழிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டால் அவர்கள் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்துவிடுவார்கள்.

அந்த 48 அம்மா பக்கத் தவறாக இருக்கலாம். யூனிஃபார்ம் சட்டைக்கு எல்லா சைஸுக்கும் ஒரே ரேட் கொடுப்பது அபூர்வம். சின்னப் பையன் சட்டைக்கு மூன்று நான்கு ரூபாய் குறைப்பார்கள். 48-ஐ 4-ஆல் வகுத்தால் 12 வருகிறது. சின்ன சைஸ் 12 சட்டை தைத்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து 608-ஐ 19-ஆல் வகுத்துப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை மகன்

32 வருகிறது. மீதியே இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். ஆமாம், 12 சட்டை சின்ன சைஸ், அதற்கு 28தானாம். "அதை உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்கிறார். 48 சரியாகிவிட்டது.

பழைய செக்கர்

சட்டை ரேட்டில் எல்லாவற்றையும் கழித்திருக்கிறார்கள். பாவாடை ரிஜெக்ட் ஆனாலும் 32, நைட்டி ரிஜெக்ட் ஆனாலும் 32. இது நான் பார்த்த பழைய கதை. செக்கிங் டேபிளில் இருந்து கணக்குப் பையனுக்குப் போகிற சீட்டில் டைலர் நம்பரும் மொத்த ரிஜெக்டும் மட்டும் இருக்கும், ஐட்டம் இருக்காது. அவன் எந்த ரேட்டில் கழிப்பது என்று தெரியாமல் பெரிய ரேட்டில் கழித்துவிடுவான். சில இடத்தில் தெரிந்தே செய்வார்கள். சீட்டை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஆனால் 19-உம் பெரிய சட்டையாக இல்லாமல், தொகை இப்படி மீதியில்லாமல் சட்டை ரேட்டில் வகுபட்டால் கலந்து கழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று ஐட்டமும் ரிஜெக்டில் இருந்தும் இப்படி வகுபடுவது தற்செயலாக நடக்காது.

இப்போது உங்களுக்கு வேண்டியது ஐட்டம் வாரியாக 19-இன் கணக்கு. செக்கிங் டேபிளில் ஒரு நோட்டு கட்டாயம் இருக்கும், இல்லாவிட்டால் அவர்களுக்கே வேலை நடக்காது. அம்மா போய் "எந்த ஐட்டத்தில் எத்தனை?" என்று மட்டும் கேட்கட்டும். காசைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

சட்டம் பேசுபவன்

இவ்வளவு வகுத்தல் பெருக்கல் எதற்கு? ஊதியச் சட்டப்படி கூலியில் 3 சதவீதத்துக்கு மேல் பிடிக்கவே கூடாது. 3,672-இல் 3 சதவீதம் என்றால் 110 ரூபாய். 608 பிடித்தது நேரடியாகச் சட்ட விரோதம். தொழிலாளர் துறையில் மனு போடுங்கள், முடிந்தது.

பழைய செக்கர்

தம்பி, பாதி சரி. அந்த 3 சதவீதம் அபராதத்துக்கு. லேட்டாக வந்தார், சொன்னதைக் கேட்கவில்லை என்று போடுகிறார்களே, அதற்கான உச்சவரம்பு. பழைய 1936 சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பொருள் சேதத்துக்குப் பிடிப்பது வேறு கணக்கு. அதற்கு 3 சதவீதம் கிடையாது. ஆனால் தொழிலாளியின் கவனக்குறைவால் உண்டான நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. பிடிப்பதற்கு முன்னால் அவர் பக்கம் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். அதோடு எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது.

நீங்கள் 3 சதவீதம் என்று போய் நின்றால், முதலாளி என்ன சொல்வார் தெரியுமா? "நான் அபராதமே போடவில்லை, எதையும் பிடிக்கவும் இல்லை. பாஸ் ஆன பீஸுக்குத்தான் கூலி, பாஸ் ஆகாத பீஸுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான்." இது பேசிக்கொண்ட வழக்கமாக இருந்தால் இந்த வாதத்தைச் சட்டென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அவர் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. பாவாடைக்குக் கூலி 7. அது பாஸ் ஆகவில்லை என்றால் அந்த 7 இல்லை, சரி. 32 எப்படிப் போகும்? மீதி 25 ரூபாய், நன்றாகத் தைத்துப் பாஸ் ஆன வேறு பீஸின் கூலியிலிருந்து வந்தது. அந்த இடத்தில் அது பிடித்தம் ஆகிவிடுகிறது, மறுக்கவே முடியாது. இதைத்தான் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாதவரம் லைன்

எங்கள் எக்ஸ்போர்ட் யூனிட்டில் முழுப் பீஸ் கிடையாது, லைன் சிஸ்டம். நான் காலர் வைப்பேன், இன்னொரு பெண் கை ஏற்றுவார். ஒவ்வொரு வேலைக்கும் தனி ரேட், சில்லறைக் காசில் வரும். பண்டலோடு ஒரு டிக்கெட் வரும், நம் வேலை முடிந்ததும் நம் பகுதியைக் கிழித்துக் கார்டில் ஒட்ட வேண்டும். கை ஏற்றினவர் தப்பாக ஏற்றினாலும், பீஸ் கடைசி செக்கிங்கில் விழும்போது பண்டலில் பெயர் இருக்கிற எல்லோர் தலையிலும் ரிஜெக்ட் விழுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பழைய செக்கர்

அக்கா, உங்களுடையது இதைவிடச் சிக்கல். குறை எந்தத் தையலில் என்று ஸ்டிக்கர் அம்பு ஒட்டியிருப்பார்கள் அல்லவா, அந்த அம்பு யாருடைய வேலையில் நிற்கிறதோ அவருக்குத்தான் கணக்கு. அம்பு இல்லாமல் பண்டல் முழுக்க எல்லோருக்கும் போடுகிறார்கள் என்றால் சூப்பர்வைசரிடம் பீஸைக் காட்டச் சொல்லுங்கள். பண்டலை வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள், 25 என்று எழுதி 24 இருக்கும். தனி இழையாகப் போடுங்களேன், இங்கே கலந்தால் இந்தத் தம்பி குழம்பிவிடுவார்.

கொருக்குப்பேட்டை மகன்

அம்மா கேட்டுவிட்டார். செக்கிங் அக்கா நோட்டைக் காட்டினார், நல்ல மனசு. நைட்டி 9, பாவாடை 4, சட்டை 6. சட்டை ஆறும் பெரிய சைஸ்.

அதனதன் ரேட்டில் போட்டால் நைட்டி 144, பாவாடை 28, சட்டை 192. மொத்தம் 364. ஆனால் கழித்தது 608. ஆக 244 ரூபாய் அதிகமாகப் போயிருக்கிறது.

இன்னொரு விஷயம். அந்த நோட்டில் சில எண்களுக்கு மேல் டிக் அடித்திருந்ததாம். அது என்ன என்று அம்மா கேட்கவில்லை.

பழைய செக்கர்

அந்த டிக்தான் அடுத்த விஷயம். ஆல்டருக்குப் போய்த் திரும்பிப் பாஸ் ஆன பீஸாக இருக்கும்.

செக்கிங்கில் விழுகிற எல்லாமே ரிஜெக்ட் இல்லை. தையல் விட்டுப் போனது, பைப்பிங் கோணல், பாக்கெட் ஏற்ற இறக்கம், இதெல்லாம் பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும். அது ஆல்டர். துணியே கிழிந்தது, வெட்டு விழுந்தது, போகாத எண்ணெய்க் கறை, இதுதான் நிஜமான ரிஜெக்ட். முதல் தடவை விழும்போது இரண்டையும் ஒரே கோட்டில் எழுதிவிடுவார்கள். ஆல்டர் முடிந்து பீஸ் பாஸ் ஆகிக் கடைக்கே போய்விடும். ஆனால் கூலிக் கணக்கில் அது திரும்ப ஏறாது. என் அனுபவத்தில் பீஸ் ரேட் ஆட்கள் அதிகம் இழப்பது இங்கேதான். யாரும் பொய் எழுதவில்லை, திரும்ப எழுதவே இல்லை, அவ்வளவுதான்.

ஜாப் ஒர்க் முதலாளி

நான் ஒரு யூனிட் நடத்துகிறேன், ராயபுரம் பக்கம். எல்லாரும் முதலாளியைத் திருடன் மாதிரிப் பேசுகிறீர்கள். எம்.சி. ரோட்டுக் கடைக்காரர் இருநூறு நைட்டி எடுத்தால் பதினைந்தைத் திருப்பி அனுப்புவார். அனுப்பினதோடு விடுவாரா? துணிப் பணத்தையும் என் பில்லில் கழிப்பார். ஒரு நைட்டிக்குக் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் துணி. டைலரிடம் 16 ரூபாய் மட்டும் கழித்தால் மீதி நஷ்டம் யாருடையது? 32 கழித்தால்கூட எனக்கு நஷ்டம்தான்.

பழைய செக்கர்

அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது, நானும் அந்தப் பில்லைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது நீங்கள் சொல்வது "கூலி உருவாகவில்லை" என்ற கணக்கு இல்லை, துணி நஷ்டத்தை வசூலிக்கிற கணக்கு. அப்படியானால் எந்தப் பீஸ், என்ன குறை, அது டைலரால் வந்ததா, துணி மதிப்பு எவ்வளவு, திரும்பிய பீஸை எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று எல்லாம் வர வேண்டும். திரும்பின நைட்டி ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரத்தில் செகண்ட்ஸாகப் போகிறது, அந்தக் காசு உங்களுக்கு வருகிறது. அதைக் கழிக்காமல் முழுத் துணிப் பணமும் டைலர் மேல் போட முடியாது. தவிர, பாவாடைக்கும் நைட்டிக்கும் துணி விலை ஒன்றா? ஒரே 32 எப்படி வரும்?

ஜாப் ஒர்க் முதலாளி

இவ்வளவு எழுதிக்கொண்டு உட்கார எனக்கு ஆள் இல்லை. வாரம் ஆறாயிரம் பீஸ் போகிறது.

பழைய செக்கர்

ஆறாயிரத்தையும் எழுத வேண்டாம். விழுகிறதை மட்டும் எழுதினால் போதும்.

கொருக்குப்பேட்டை மகன்

டிக் விஷயம் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னதுதான். நைட்டி 9-இல் 7 ஆல்டர் முடிந்து பாஸ். சட்டை 6-இல் 4 பாஸ். பாவாடை நான்கும் நிஜ ரிஜெக்ட். அப்படியானால் உண்மையில் போனது நைட்டி 2, பாவாடை 4, சட்டை 2 மட்டும்.

கழிவு 32, 28, 64. மொத்தம் 124. பிடித்தது 608. அம்மாவுக்கு 484 ரூபாய் வர வேண்டும் என்று தோன்றுகிறது. சரிதானா?

போனில் ஷீட் போட்டு வைத்தால் வாராவாரம் இந்த வேலை இருக்காது என்று நினைக்கிறேன்.

மாதவரம் லைன்

என் மகள் எனக்குப் போட்டுக் கொடுத்தது இது. B-யில் ரேட், C-யில் கொடுத்த பீஸ், D-யில் செக்கிங்கில் விழுந்தது, E-யில் ஆல்டர் ஆகித் திரும்பப் பாஸ் ஆனது.

```
=B2*(C2-D2+E2)
```

சைஸ் வாரியாக ரேட் மாறினால் அதற்குத் தனி வரி போட வேண்டும். அம்மாவுக்கு நான்கு வரி வரும்.

கொருக்குப்பேட்டை மகன்

நன்றி அக்கா. போட்டுப் பார்த்தேன். நைட்டி 1,504, பாவாடை 812, சின்னச் சட்டை 336, பெரிய சட்டை 896. மொத்தம் 3,548. வாங்கினது 3,064. அதே 484 வருகிறது.

பழைய செக்கர்

கணக்கு சரி. ஆனால் 484-ஐயும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். அதில் 244 வெறும் பெருக்கல் தப்பு, அதற்கு அவரிடம் பதிலே இருக்காது. மீதி 240 ஆல்டர், அதில் அவர் பேசுவதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. ஆல்டரை யார் செய்தார்? அம்மாவே பிரித்துத் தைத்துக் கொடுத்தால் முழுக் கூலி அம்மாவுடையது, சந்தேகம் இல்லை. ஆல்டர் டைலர் என்று தனி ஆள் வைத்துச் செய்திருந்தால் அவருக்கும் கூலி போயிருக்கும். அதில் எவ்வளவு அம்மாவிடம் கழிக்கலாம் என்பது பேசி முடிக்க வேண்டியது.

இன்னொன்று, அந்த நான்கு பாவாடை. அதில் என்ன குறை?

கொருக்குப்பேட்டை மகன்

ஓட்டை என்று எழுதியிருந்ததாம்.

பழைய செக்கர்

ஓட்டை எங்கே இருக்கிறது என்று பீஸைப் பார்க்க வேண்டும். இது முக்கியம். தையல் கோட்டை ஒட்டி, சம தூரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் ஊசி மொட்டையாகித் துணி இழையை அறுத்திருக்கிறது. அம்மாவின் மெஷின்தான், ஆனால் ஊசி மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டும் கொடுக்கவில்லை என்றால் அதுவும் வேறு கதை. தையலுக்குப் பக்கத்தில் V மாதிரி ஒரே ஒரு வெட்டு இருந்தால் அது ட்ரிம்மிங்கில் நூல் வெட்டின கத்தரி, டைலர் இல்லை. தையலே இல்லாத நடுத்துணியில் ஓட்டை, அல்லது இழை விட்டுப்போன மாதிரி கோடு, அது ரோலிலேயே வந்தது. கட்டிங்கிலேயே பார்த்து ஒதுக்கியிருக்க வேண்டும்.

மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பீஸைக் காட்ட முடியாது, விற்றுவிட்டோம் என்றால் அந்த நான்கையும் ரிஜெக்ட் என்று எழுதுவதற்கு அவர்களிடம் ஆதாரம் இல்லை.

சட்டம் பேசுபவன்

புதிய சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது, இதையாவது சரியாகச் சொல்கிறேன். கூலி குறைத்துக் கொடுத்தார், தவறாகப் பிடித்தார் என்று புகார் போனால், சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. தொழிலாளி இல்லை. புகார் கொடுக்க 3 வருடம் வரை நேரம் உண்டு. கூலிச் சீட்டு கொடுக்க வேண்டியதும் அவர் கடமை.

பழைய செக்கர்

இது சரி தம்பி. அதனால்தான் அந்தத் துண்டுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். வாராவாரம் போட்டோ எடுத்து வையுங்கள். செக்கிங் நோட்டை மட்டும் அந்த அக்காவிடம் கேட்காமல் எடுக்காதீர்கள், அவர் வேலைக்குத்தான் முதலில் ஆபத்து.

கொருக்குப்பேட்டை மகன்

அப்டேட். அம்மாவோடு நானும் போனேன். 244-ஐ முதலில் சொன்னோம். முதலாளி கணக்குப் பையனைக் கூப்பிட்டார், அவன் "எல்லாருக்கும் அப்படித்தான் போடுகிறேன்" என்றான். எல்லாருக்கும்! பக்கத்து மெஷின் அக்காக்கள் இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். 244 அங்கேயே கொடுத்துவிட்டார்.

ஆல்டரில் நைட்டி ஏழையும் அம்மாவே பிரித்துத் தைத்தார், செக்கிங் அக்காவும் ஆமாம் என்றார். 112 கிடைத்தது. சட்டை நான்கையும் ஆல்டர் டைலர் செய்தாராம், அதனால் 128 இல்லை என்றார். ஆல்டர் டைலருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "அவர் தினக்கூலி" என்றார். நான்கு காலர் பிரித்து வைப்பதற்கு அரை மணி நேரம் ஆகியிருக்குமா? அதற்கு 128 கழிப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

பாவாடையில் ஒன்றைக் காட்டினார். ஓட்டை நடுத்துணியில் இருந்தது, பக்கத்தில் தையலே இல்லை. மீதி மூன்றும் இல்லை.

ஜாப் ஒர்க் முதலாளி

தினக்கூலி ஆளாக இருந்தாலும் அரை மணி நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அதை மட்டும் கழிக்கலாம். முழுக் கூலி கழிப்பது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுத் தையல்

இவ்வளவு பேசின பிறகு அம்மாவுக்கு வேலை குறைத்துக் கொடுக்க மாட்டார்களா? எங்கள் தெருவில் ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. பாவாடை மட்டுமே கொடுத்தார்கள், சட்டை கொடுக்கவே இல்லை.

பழைய செக்கர்

நடக்கக்கூடியதுதான் அக்கா. அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. பண்டல் பிரித்துக் கொடுப்பது சூப்பர்வைசர் கையில் இருக்கிறது. தம்பி, ஐட்டம் வாரியாக எத்தனை பண்டல் கொடுத்தார்கள் என்பதையும் இனிமேல் எழுதி வையுங்கள். முந்தைய வாரங்களோடு ஒப்பிட்டால் அது நடக்கிறதா என்று தெரியும்.

கொருக்குப்பேட்டை மகன்

இந்த வாரம் இதுவரை நைட்டி 64, பாவாடை 90, சட்டை 18 என்று அம்மா எழுதியிருக்கிறார். சட்டை குறைந்திருக்கிறது, ஆனால் ஸ்கூல் ஆர்டர் முடிகிற நேரம் என்று அம்மாவே சொல்கிறார். பக்கத்து மெஷின் அக்கா இருவரும் தங்கள் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் கழிவு 416, ரிஜெக்ட் 13.